கூட்டம் பெருகப் பெருக முகங்கள் ஏன் குழம்புகின்றன?

அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் வெளிநாட்டு விமானத்துக்கான புறப்பாட்டு வாயிலில் நிற்கும் பயணி, கேமராவை ஓரிரு நொடி பார்த்துவிட்டு உள்ளே நடந்துவிடுகிறார். போர்டிங் பாஸை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, பெயரையும் கேட்பதில்லை. அவருடைய முகத்தை அமெரிக்க அரசு சேர்த்து வைத்திருக்கும் கோடிக்கணக்கான கடவுச்சீட்டு, விசாப் படங்கள் அத்தனையோடும் கணினி அந்த நொடியில் ஒப்பிட்டுவிட்டது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. அந்த விமானத்தில் ஏற வேண்டிய சில நூறு பேரின் படங்களோடு மட்டுமே அந்த முகம் ஒப்பிடப்படுகிறது. கோடிக்கணக்கான படங்கள் கையில் இருந்தும் சில நூற்றோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை, கணினியின் வேகத்தில் இல்லை; முகங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

முக அடையாள மென்பொருள் படத்தைப் படமாக ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு முகத்தையும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு தொகுப்பாக மாற்றி, இரண்டு தொகுப்புகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 'ஆம், இல்லை' என்ற தீர்ப்பு அந்த மதிப்பெண்ணுக்குள் இல்லை. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் 'ஒரே ஆள்' என்று கொள்ளலாம் என்ற எல்லைக் கோட்டை மனிதர்கள்தான் வரைகிறார்கள். கோட்டை மேலே ஏற்றினால் வேற்றாள் தப்பித் தவறி உள்ளே வருவது குறையும். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம், பத்தாண்டு பழைய கடவுச்சீட்டுப் படம் போன்றவற்றால் உரியவரே வெளியே நிறுத்தப்படுவது கூடும். கீழே இறக்கினால் இரண்டும் தலைகீழாகும். இரண்டு தவறுகளையும் ஒருசேரக் குறைக்க மென்பொருளே மேம்பட வேண்டும். கோட்டை நகர்த்தி அதைச் சாதிக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரை ஒப்பிடும்போது, லட்சத்தில் ஒரு முறை மட்டும் 'ஒரே ஆள்' என்று தவறாகச் சொல்லும்படி கோடு வரையப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவரின் முகத்தை அந்தச் சீட்டில் உள்ள ஒரே படத்தோடு ஒப்பிட்டால் தவறு நேர ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதே முகத்தை N பேரின் படங்களோடு ஒப்பிட்டால் தவறு நேர N வாய்ப்புகள் உண்டாகின்றன. ஒரு ஒப்பீட்டில் தவறும் வாய்ப்பு p என்றால், N ஒப்பீடுகளில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு இதுதான்:

```
1 − (1 − p)^N
```

420 பேர் உள்ள ஒரு விமானத்தின் பட்டியலுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் விடை 0.42 சதவீதம். அதாவது, அந்தப் பட்டியலில் இல்லாத வேற்றாள் ஒருவர் வாயிலில் நின்றால், பட்டியலில் உள்ள யாரோ ஒருவராக அவர் தவறாக ஏற்கப்பட ஆயிரத்தில் நான்கு வாய்ப்பே உண்டு. ஒரு பெரிய விமான நிலையத்தில் ஒரு நாளில் வந்திறங்கும் 20,000 பேரின் பட்டியலுக்கு இது 18 சதவீதமாகிவிடுகிறது. ஒரு கோடிப் படங்களுக்குச் சதவீதம் பேசுவதற்கே இடமில்லை. ஏதாவதொரு பொருத்தம் கிடைப்பது ஏறத்தாழ உறுதி, சராசரியாக நூறு வேற்றாட்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து நிற்பார்கள். மென்பொருள் அதேதான், கேமராவும் கோடும் அவையேதான். கேட்கப்பட்ட கேள்வி மட்டும் பெரிதாகிவிட்டது. 'எங்கள் மென்பொருளின் துல்லியம் 99.9 சதவீதம்' என்று விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம் 'எத்தனை பேருக்கு நடுவில்?' என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான். அந்த எண் இல்லாவிட்டால் மற்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஒரு கோடிப் பேருக்கு நடுவிலும் அந்த 0.42 சதவீதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒரு ஒப்பீட்டில் தவறும் வாய்ப்பை லட்சத்தில் ஒன்றிலிருந்து சுமார் 240 கோடியில் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். கோட்டை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றலாம்தான். நல்ல வெளிச்சத்தில், நேராகப் பார்த்து எடுத்த படங்கள் அதையும் தாங்கும்; இன்றைய சிறந்த மென்பொருட்கள் கோடிக்கு மேற்பட்ட படங்களிலும் உரியவரைத் திறமையாகக் கண்டெடுக்கின்றன. சில மென்பொருட்கள் தரவுத்தளத்தின் அளவைப் பார்த்து மதிப்பெண்ணைத் தாமே திருத்திக்கொள்வதும் உண்டு. ஆனால் அவசரமாக நடந்தபடி, தொப்பியோடு, பின்னால் வெயிலடிக்க எடுக்கப்படும் படம் அந்த உயரத்தை எட்டாது. அப்போது உரியவர்களே வரிசையிலிருந்து விலக்கப்படுவார்கள்.

முகத்துக்கு மட்டுமே உரிய குறை என்று இதை நினைக்க வேண்டாம். ஆதார் திட்டம் 2012 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், 8.4 கோடிப் பேர் பதிவாகியிருந்த நிலையில், புதிதாகப் பதிய வரும் ஒருவரை 'ஏற்கெனவே பதிந்தவர்' என்று தவறாகக் காட்டும் விகிதம் 0.057 சதவீதம் என்று குறிப்பிட்டது. அதாவது லட்சம் பேருக்கு 57 பேர். பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் சேர்த்துப் பார்த்தும் இந்த நிலை. இவற்றோடு ஒப்பிட்டால் முகம் மிகக் குறைவான தகவலைத் தருவது. அதோடு, வயதோடு மாறுவது.

எல்லைச் சோதனையில் இந்தக் கணக்கைக் கணினியை வலுவாக்கி மட்டும் வெல்ல முயலவில்லை, கேள்வியைச் சிறிதாக்கினார்கள். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை நடத்தும் பயணி சரிபார்ப்புச் சேவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாட்டு விமானம் ஒவ்வொன்றின் பயணிகள் பட்டியலையும், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி முதலியவற்றோடு, விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு முன்பே அத்துறைக்கு அனுப்பியாக வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள சட்டம். முக அடையாளத்துக்காக ஏற்பட்டதல்ல அது. பெயர்களைத் தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடுவதற்காக ஏற்பட்டது. ஆனால் அந்தப் பட்டியல் இங்கே பெரிய வரமாக அமைந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டுப் படம், விசாப் படம், முன்பு நாட்டுக்குள் வந்தபோது எடுத்த படம் என்று அரசிடம் உள்ளவற்றைத் திரட்டி, அந்த ஒரு விமானத்துக்கு மட்டுமான ஒரு சிறு தொகுப்பைத் தயாரிக்கிறார்கள். வாயிலில் எடுக்கப்படும் படம் அந்தத் தொகுப்போடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் பயணி நடக்கலாம். பொருந்தாவிட்டால் விமான நிறுவன ஊழியர் பழைய முறைப்படி கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பார். அமெரிக்கக் குடிமக்களின் வாயிற்படங்களை 12 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாகவும் அத்துறை அறிவித்திருக்கிறது.

பட்டியல் இல்லாத இடத்தில் இந்த உத்தி செல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். மெக்சிகோ எல்லையை நடந்து கடப்பவர்கள் இன்று வருவார்கள் என்று யாரும் முன்கூட்டிப் பட்டியல் அனுப்புவதில்லை. எனவே அங்கே பயணி நீட்டும் ஆவணத்தின் படத்தோடு அவருடைய முகத்தை ஒன்றுக்கு ஒன்றாக ஒப்பிடுகிறார்கள். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் உள்ள தானியங்கிக் கதவுகளும் இப்படித்தான்: கடவுச்சீட்டின் சில்லில் கையொப்பமிட்டுப் பதிக்கப்பட்ட படம், எதிரே நிற்கும் முகம், இரண்டே இரண்டு. N என்பது இங்கே ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஆவணத்தை எடுத்து நீட்டும் சிரமம் பயணிக்கு. அதற்குப் பதிலாகத் தவறான பொருத்தத்தின் வாய்ப்பு நூறு மடங்குகளில் குறைகிறது. 2018 ஆகஸ்டில் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில், சாவோ பாவ்லோவிலிருந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வந்த 26 வயது இளைஞர் ஒருவரின் முகம் சீட்டிலிருந்த படத்தோடு பொருந்தவில்லை என்று கணினி காட்டியது. அதிகாரிகள் சோதித்தபோது அவருடைய உண்மையான காங்கோ அடையாள அட்டை காலணிக்குள் இருந்தது. அந்தக் கருவி அங்கே இயங்கத் தொடங்கி அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. பிறர் சீட்டில் பயணம் செய்வோரைப் பிடிக்கப் பெரிய தரவுத்தளம் தேவையில்லை என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

ஒரு விமானத்தளவு தொகுப்பு எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதை அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் சோதித்துப் பார்த்தது. 420 பயணிகள் கொண்ட விமானங்களை மாதிரியாக அமைத்து, ஒருவருக்கு ஒரே படம் இருக்கும் நிலையிலும் 99.5 சதவீதத்துக்குக் குறையாத பயணிகளை முதல் முயற்சியிலேயே அடையாளம் காணும் மென்பொருட்கள் ஏழு இருப்பதாக அந்நிறுவனம் கண்டது. ஒருவருக்குப் பல படங்கள் இருந்தால் நிலை இன்னும் மேம்படுகிறது. (ஒவ்வொரு கூடுதல் படமும் ஒரு கூடுதல் ஒப்பீடு என்பதால் அதுவும் N-ஐப் பெருக்குவதே, ஆனால் சில நூறு பேர் அளவில் அந்த இழப்பைவிட லாபமே பெரிது.) களத்தில் நிலைமை சோதனைக்கூடத்தைப் போல் இருக்கவில்லை. 2017 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒன்பது விமான நிலையங்களில் நடந்த முன்னோட்டத்தில் 85 சதவீதப் பயணிகளையே முகத்தால் உறுதி செய்ய முடிந்தது என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் 2018இல் எழுதினார். இணைய இணைப்பு தடைபட்டது, ஏற்றும் நேரம் போதவில்லை, இதற்கென ஊழியர் இல்லை என்பன அவர் சொன்ன காரணங்கள். தவறான பொருத்தம் அதில் பெரிய பிரச்சினையாக இல்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. சிறிய தொகுப்பு தன் வேலையைச் செய்தது. மற்ற குறைகள் வேறு இடத்திலிருந்து வந்தன.

ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு மறைவான அனுமானம் இருக்கிறது. தொகுப்பில் உள்ள 420 பேரும் உலகெங்குமிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட, ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாத முகங்கள் என்று அது கருதுகிறது. உண்மையான விமானம் அப்படி இருப்பதில்லை. ஒரு நாட்டிலிருந்து புறப்படும் விமானத்தில் பெரும்பாலும் அந்நாட்டவரே நிறைந்திருப்பார்கள். தந்தையும் மகனும், அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த இருக்கைகளில் இருப்பார்கள். இரட்டையர்கள் சேர்ந்து பயணம் செய்வதும் உண்டு. மேற்சொன்ன அதே நிறுவனம் 2019 டிசம்பரில் 189 மென்பொருட்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை, தவறான பொருத்தங்களின் விகிதம் மக்கள் பிரிவுக்குப் பிரிவு பத்து மடங்கிலிருந்து நூறு மடங்குக்கு மேலும்கூட வேறுபடுவதைக் காட்டியது. நல்ல தரமான விண்ணப்பப் படங்களிலேயே மேற்கு ஆப்பிரிக்கர், கிழக்கு ஆப்பிரிக்கர், கிழக்காசியர் ஆகியோரிடம் அது மிகுதியாகவும் கிழக்கு ஐரோப்பியரிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. சீனாவில் உருவான பல மென்பொருட்களில் கிழக்காசிய முகங்களுக்கு இந்தக் குறை இல்லை. பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரிடமும் தவறு கூடியது. மென்பொருள் எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அவற்றைப் பிரித்தறிவதில் தேர்ச்சி பெறுகிறது என்பது இதற்குப் பொருந்தும் விளக்கம்.

எனவே லட்சத்தில் ஒன்று என்று கலவையான கூட்டத்தில் அளந்த தவறு, ஒரே பிரதேசத்தைச் சேர்ந்த, ஒரே பாலினத்தவர் நடுவில் ஐயாயிரத்தில் ஒன்றாக மாறுவதற்கு இடமுண்டு. p இருபது மடங்கு பெருகினால், சிறு எண்களில் விளைவும் ஏறத்தாழ இருபது மடங்கு பெருகும். 420 பேரின் 0.42 சதவீதம் எட்டு சதவீதமாகிவிடும். N-ஐச் சுருக்கிப் பெற்ற பாதுகாப்பில் கணிசமான பகுதியைக் கூட்டத்தின் இயல்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. நேர்மையான பயணிக்கு இதனால் பெரும்பாலும் துன்பம் இல்லை: அவருடைய சொந்தப் படமும் தொகுப்பில் இருப்பதால் அதன் மதிப்பெண்ணே முதலிடத்துக்கு வரும். இரட்டையருக்கு மட்டும் இந்த ஆறுதல் இல்லை. ஒரு கருவில் பிறந்தவர்களை எந்த மென்பொருளும் நம்பகமாகப் பிரித்தறிவதில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத ஒருவர் வேறொருவரின் இடத்தில் ஏற முயலும்போது, தனக்கு ஓரளவு ஒத்த முகங்கள் நிறைந்த விமானமே அவருக்குச் சாதகமானது.

சிறு தொகுப்புக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒருவர் தன் சொந்த முகத்தைக் கொண்டே, பொய்ப் பெயரில் ஒரு கடவுச்சீட்டை முறைப்படி வாங்கிவிட்டால், வாயிலில் முகமும் படமும் துல்லியமாகப் பொருந்தும். அந்த முகம் வேறொரு பெயரிலும் பதிவாகியிருப்பதைச் சொல்லக் கோடிக்கணக்கான படங்களில் தேட வேண்டும். தவிர்க்க முடியாத இந்தப் பெரிய தேடலை வாயிலிலிருந்து எடுத்து, விசாவோ கடவுச்சீட்டோ வழங்கும் மேசைக்கு நகர்த்தியதே எல்லை நிர்வாகத்தின் இரண்டாவது உத்தி. அங்கே ஓரிரு நொடிக்குப் பதிலாக நாட்கள் இருக்கின்றன. கணினி 'இவர்தான்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திருக்கும் சில முகங்களை வரிசைப்படுத்தித் தந்தால் போதும், பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து பார்ப்பார்.

இங்கேதான் பெரிய தரவுத்தளத்தின் கெடுதல் புதிய உருவில் திரும்பி வருகிறது. ஆயிரம் பேருக்கு நடுவில் தேடிக் கிடைக்கும் 'மிக ஒத்த எட்டு முகங்கள்' அப்படியொன்றும் ஒத்திருக்காது. பார்த்த உடனே விலக்கிவிடலாம். பல கோடிப் பேருக்கு நடுவில் தேடிக் கிடைக்கும் எட்டு முகங்களோ, அந்தக் கோடிகளிலேயே இவரைப் போல அதிகம் தோன்றும் எட்டுப் பேர். தரவுத்தளம் வளர வளர, மனிதரின் மேசைக்கு வரும் வேலை எண்ணிக்கையில் மட்டுமன்றி, கடினத்திலும் வளர்கிறது. ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வில், நேரில் நிற்பவரோடு அவருடையதல்லாத படத்தை வைத்துக் காட்டியபோது, அனுபவமுள்ள அலுவலர்கள் 14 சதவீதத் தடவை ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு, மென்பொருள் ஒத்தவை என்று தந்த முகங்களிலிருந்து சரியானவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, சாதாரண அலுவலர்கள் மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. பெரியவர்களின் முகங்களில் பாதிக்கு மேல் தவறினார்கள். முக ஒப்பீட்டில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் மட்டும் அவர்களைவிடச் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் மேலாகச் செய்தார்கள். 'ஐயம் வந்தால் அதிகாரி பார்த்துக்கொள்வார்' என்ற வாக்கியத்தை நான் இதன் பிறகு அவ்வளவு எளிதாகக் கடந்துபோவதில்லை. எந்த அதிகாரி, என்ன பயிற்சியோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரிய தேடலுக்கான மூன்றாவது வழி, முகத்தைத் தனியே விடாமல் இருப்பது. ஐரோப்பாவின் 29 நாடுகளில் 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை, விசா தேவையில்லாத வெளிநாட்டவரிடம் முகப் படத்தோடு நான்கு விரல் ரேகைகளையும் பெறுகிறது. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்கள் விசா மையத்தில் கொடுக்கும் பத்து விரல்கள் விசாத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதால், அவர்களிடமிருந்து இந்தப் பதிவு முறை முகத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. முதலில் 'இவர் சொல்லும் ஆள்தானா?' என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பார்ப்பதே நடைமுறை. பதிவு கிடைக்காதபோதோ பொருந்தாதபோதோதான் முழுத் தேடல் நடக்கிறது, அதில் விரல் ரேகை துணை நிற்கிறது. முகம் ஒத்துப்போகும் இருவருக்கு ரேகையும் தற்செயலாக ஒத்துப்போவது மிக அரிது. இரண்டு தனித்தனி வாய்ப்புகள் பெருக்கப்படும்போது கோடிகள்கூடச் சமாளிக்கத்தக்கவை ஆகின்றன. ஆனால் 12 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இந்த முறையில் ரேகை வாங்குவதில்லை. தவறான பொருத்தங்கள் கூடுதலாக நேரும் குழந்தைகளுக்கு, துணையின்றி முகம் மட்டுமே எஞ்சுகிறது.

கடைசியாகத் தேடப்படுவோர் பட்டியல். ஒரு விமான நிலையத்தைக் கடக்கும் 50,000 பேரையும் 5,000 முகங்கள் கொண்ட பட்டியலோடு, லட்சத்தில் ஒன்று என்ற அதே கோட்டில் ஒப்பிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 2,440 பேர் காரணமின்றி நிறுத்தப்படுவார்கள். உண்மையிலேயே தேடப்படுபவர் அன்று ஒருவர் வந்தாலும், எச்சரிக்கை மணி ஒலித்த ஒவ்வொரு முறையும் அது அவராக இருக்கும் வாய்ப்பு ஈராயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. நாள் முழுதும் பொய்யாக ஒலிக்கும் மணியை அதிகாரிகள் சில வாரங்களில் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். 2017இல் கார்டிஃப் நகரில் கால்பந்து இறுதியாட்டத்தின்போது தெற்கு வேல்ஸ் காவல்துறை கூட்டத்தைப் படம்பிடித்துத் தேடியதில் எழுந்த 2,470 எச்சரிக்கைகளில் 2,297 பொய்யானவை. எல்லையில் இதைத் தவிர்க்க, பட்டியலை முகத்தால் தேடுவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, ஆவண எண் ஆகியவற்றால் தேடிவிடுகிறார்கள். முகத்தைக் கொண்டும் தேடுவதானால் பட்டியலைச் சுருக்கி, கோட்டை வாயிலில் இருப்பதைவிட வெகு உயரத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி உயர்த்தும்போது தேடப்படுபவர் தலையைச் சற்றே குனிந்து நடந்தாலே தப்பிவிடக்கூடும் என்பதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது.